சீன, கொரிய எழுத்தில் வரும் ரோபோ வேக்குவம் ஆப்: வரைபடம், தடைப்பகுதி, கூட்டும் முறை எல்லாம் அமைக்க முழு வழிகாட்டி

வெளிநாட்டில் வேலை பார்க்கும் மச்சானோ மகளோ ஊருக்கு வரும்போது பெட்டியில் ஒரு ரோபோ வேக்குவத்தையும் வைத்துக் கொண்டுவருகிறார்கள். சீனாவில் விற்பதற்கென்று செய்த மாடல், இல்லை கொரியாவில் வாங்கியது. பட்டனை அமுக்கினால் ஓடும், கூட்டும், திரும்பிப்போய்ச் சார்ஜ் ஏற்றிக்கொள்ளும். ஆனால் பூஜை இடத்துக்குள் போகாதே, சமையலறையில் ஈரத்துணி போடாதே என்று அதற்குச் சொல்லவேண்டும் என்றால் ஆப்பைத் திறக்கவேண்டும். திறந்தால் ஒரு எழுத்தும் புரியாது.

ஆப்பில் உள்ளதையெல்லாம் மொழிபெயர்த்துப் படிக்க நினைக்காதீர்கள். வரைபட வேலைக்குத் தேவையான சொற்கள் பத்துப் பன்னிரண்டுதான். சரியான வரிசையில் வேலையைச் செய்தால் ஒருநாள் காலையிலேயே முடித்துவிடலாம். லேசர் கோபுரம் உள்ள மாடல், அதாவது மேலே வட்டமாகக் கொஞ்சம் உயர்ந்த மூடி உள்ள ரோபோவை மனதில் வைத்து இந்த வழிகாட்டி எழுதப்பட்டிருக்கிறது. அந்தக் கோபுரமோ கேமராவோ இல்லாத மலிவு மாடல்களில் பெரும்பாலும் வரைபடம் சேமிக்கும் வசதியே இருக்காது. எந்த மொழியில் தேடினாலும் அவற்றில் தடைப்பகுதி கிடைக்காது.

மொழியை மாற்றலாம், நாட்டை மாற்றக்கூடாது

பலர் இந்த முதல் படியிலேயே சிக்கிக்கொள்கிறார்கள். ஆப் அமைப்புகளில் மொழி ஒரு வரி, நாடு அல்லது பகுதி வேறொரு வரி. இரண்டும் பெரும்பாலும் பக்கத்துப் பக்கத்தில் இருக்கும். சீனச் சந்தைக்கான ரோபோ சீனச் சர்வரோடு மட்டும் பேசும்படி பதிவாகியிருக்கும். ‘நாம் இருப்பது இந்தியா’ என்று நாட்டை மாற்றினால் ரோபோ ஆப்பின் பட்டியலிலிருந்தே காணாமல் போய்விடும். பதறவேண்டாம், அழியவில்லை. பகுதியைப் பழையபடி 中国大陆 என்று வைத்தால் திரும்ப வந்துவிடும். இது தெரியாமல் ரோபோவை ரீசெட் செய்து, இந்தியப் பகுதியில் புதிதாகச் சேர்க்க முயன்றால்தான் வினை. சேர்க்கவும் முடியாது, பழைய வரைபடமும் போயிருக்கும்.

மி ஹோம் ஆப்பில் (ஐகானின் கீழே 米家 என்று இருக்கும்) கீழ் வரிசையின் வலது கோடியில் 我的 இருக்கும். அதைத் தொட்டு 设置 என்ற வரிக்குப் போங்கள். உள்ளே 语言 என்ற இரண்டு எழுத்து வரும் இடம்தான் மொழி. திறந்தால் ஒவ்வொரு மொழியும் அதனதன் எழுத்தில் இருக்கும். `English` என்பதைத் தேர்ந்து மேல் மூலையில் உள்ள பட்டனைத் தொட்டால் முடிந்தது. 地区 என்ற எழுத்து நாட்டுக்கானது. அந்தப் பக்கம் போகவேண்டாம்.

கொரிய ஆப்களில் 설정 என்பது அமைப்புகள், 언어 என்பது மொழி, 국가 என்பது நாடு. இவற்றில் பல, ஃபோனின் மொழியையே பின்பற்றும். ஆண்ட்ராய்டு 13 அல்லது அதற்கு மேல் என்றால் ஃபோன் அமைப்புகளில் ஒவ்வொரு ஆப்புக்கும் தனி மொழி வைக்கலாம். ஃபோன் முழுவதையும் மாற்றாமல் அந்த ஒரு ஆப்பை மட்டும் ஆங்கிலத்துக்குக் கொண்டுவர அது போதும். ஐஃபோனிலும் அமைப்புகளில் அந்த ஆப்பின் பக்கத்தில் மொழி வரி வரும். ஃபோனில் குறைந்தது இரண்டு மொழி சேர்த்திருந்தால்தான் அந்த வரி தெரியும்.

மொழியை மாற்றியபின் ஆப்பின் முகப்பு ஆங்கிலத்துக்கு வந்துவிட்டு, ரோபோவின் உள்பக்கம் மட்டும் சீனத்திலேயே நிற்பது உண்டு. முகப்பு வேறு, ஒவ்வொரு கருவிக்கும் தனியாக இறங்கும் உள்பக்கம் வேறு. சீனாவில் மட்டும் விற்கும் மாடலுக்கு அந்த உள்பக்கத்தை ஆங்கிலத்தில் யாரும் எழுதியிருக்க மாட்டார்கள். அதை எந்த அமைப்பை மாற்றியும் சரிசெய்ய முடியாது. எழுத்தைப் பார்த்துப் பழகிக்கொள்வதுதான் வழி.

பார்த்துப் பழகவேண்டிய எழுத்துகள்

| வேலை | சீனம் | கொரியம் |
|---|---|---|
| வரைபடம் | 地图 | 지도 |
| தடைப்பகுதி | 禁区 | 금지 구역 |
| கற்பனைச் சுவர் | 虚拟墙 | 가상벽 |
| துடைக்காத பகுதி | 禁拖区 | 물걸레 금지 구역 |
| அறையைப் பிரி | 分割 | 나누기 |
| அறைகளைச் சேர் | 合并 | 합치기 |
| சேமி | 保存 | 저장 |
| சரி | 确定 | 확인 |
| வேண்டாம் | 取消 | 취소 |
| அழி | 删除 | 삭제 |
| எல்லாம் முதலிலிருந்து | 重置 | 초기화 |

இந்த அட்டவணையை ஒரு தாளில் எழுதிச் சார்ஜ் ஸ்டாண்டுக்கு மேலே ஒட்டிவிடலாம். மாடலுக்கு மாடல் சொல் கொஞ்சம் மாறும், உள்ளே இருக்கும் எழுத்து பெரும்பாலும் மாறாது. 禁 எங்கே வந்தாலும் அது தடை. 扫 வந்தால் கூட்டுவது, 拖 வந்தால் துடைப்பது, 区 என்றால் பகுதி, 图 என்றால் படம். இந்த ஐந்தும் கண்ணுக்குப் பழகிவிட்டால் இதுவரை பார்க்காத மெனு வந்தாலும் பாதி புரிந்துவிடும். கொரியத்தில் 금지 தடை, 물걸레 ஈரத்துணி, 구역 பகுதி.

கடைசி இரண்டு வரிகளில்தான் கவனம் வேண்டும். 删除 என்பது நீங்கள் வரைந்த ஒரு கட்டத்தை அழிப்பதாகவும் இருக்கலாம், முழு வரைபடத்தையும் அழிப்பதாகவும் இருக்கலாம். பக்கத்தில் 地图 இருந்தால் போகப்போவது முழு வரைபடம். 重置, 초기화 இரண்டையும் என்ன ஏது என்று உறுதியாகத் தெரியாமல் தொடவே வேண்டாம்.

புரியாத பெட்டி ஏதாவது திரையில் வந்தால் உடனே ஸ்கிரீன்ஷாட் எடுத்து, கூகுள் டிரான்ஸ்லேட்டில் படமாகக் கொடுத்துப் பாருங்கள். தமிழாக்கம் இந்த மாதிரிச் சின்னச் சின்ன பட்டன் சொற்களில் தடுமாறும். ஆங்கிலத்தில் கேட்டால் கொஞ்சம் தெளிவாக வரும்.

வரைபடம் எடுக்கும் முன் வீட்டில் செய்யவேண்டியது

சார்ஜ் ஸ்டாண்டை முதலில் நிலையான இடத்தில் வையுங்கள். சுவரை ஒட்டி, இரண்டு பக்கமும் அரை மீட்டர், முன்னால் ஒன்றரை மீட்டர் காலி இடம் இருந்தால் நல்லது. இடத்தை இன்றே முடிவு செய்யவேண்டும். ரோபோ தன் இருப்பை ஸ்டாண்டை வைத்துத்தான் தொடங்குகிறது. பிறகு ஸ்டாண்டை வேறு அறைக்குத் தூக்கிப்போனால் அது குழம்பிப்போய்ப் புதிய வரைபடம் போட்டுவிடலாம். தடைப்பகுதிகள் பழைய வரைபடத்தோடு கட்டுண்டவை என்பதால் புதியதில் ஒன்றும் இருக்காது. இன்வெர்ட்டர் லைன் வரும் பிளக்கில் ஸ்டாண்டைச் செருகுவது நம் ஊருக்கு இன்னும் நல்லது. காரணம் பின்னால் வருகிறது.

பிளக் விஷயம் ஒரு வரி: சீனா, கொரியா இரண்டிலும் 220 வோல்ட்தான், நம் 230 வோல்ட்டில் பொதுவாகச் சிக்கல் வராது. இருந்தாலும் ஸ்டாண்டின் அடியில் அல்லது அடாப்டரில் `100-240V` அல்லது `220-240V` என்று அச்சடித்திருக்கிறதா என்று பார்த்துவிட்டே செருகுங்கள்.

லேசர் பார்ப்பது தரையிலிருந்து ஏறக்குறைய பத்து சென்டிமீட்டர் உயரத்தில், ஒரே ஒரு கிடைமட்டக் கோட்டில். அந்த உயரத்தில் என்ன இருக்கிறதோ அதுதான் வரைபடத்தில் வரும். தரையில் கிடக்கும் பாய், வயர், கால்மிதி எதுவும் அதன் கண்ணில் படாது. முழங்கால் உயரத்துக்கு மேல் தொடங்கும் பீரோக் கண்ணாடியும் படாது, அதனால் தொந்தரவும் இல்லை. ஆனால் தரைவரை கண்ணாடி வைத்த புதுமாதிரி அலமாரி இருந்தால் லேசர் அதில் பட்டுத் திரும்பி, சுவருக்குப் பின்னால் இன்னொரு அறை இருப்பதுபோல் வரைபடத்தில் காட்டும். வரைபடம் எடுக்கும் அந்த ஒருநாள் மட்டும் கண்ணாடியின் அடிப்பகுதியில் இருபது சென்டிமீட்டர் உயரத்துக்குச் செய்தித்தாள் ஒட்டிவிட்டால் பேய் அறை வராது.

நம் வீடுகளில் வரும் இன்னொரு சிக்கல் வாசல் கம்பிக் கேட். மரக்கதவைத் திறந்துவைத்துக் கம்பிக் கேட்டை மட்டும் பூட்டியிருந்தால் லேசர் கம்பி இடுக்கு வழியாக வெளியே போய், திண்ணையையும் தெருவையும் கதிர்கதிராக இழுத்து வரைந்துவிடும். வாசல், கொல்லைப்பக்கம் இரண்டு மரக்கதவையும் சாத்துங்கள். உள்ளறைக் கதவுகளை முழுக்கத் திறந்து வையுங்கள், பாதி திறந்த கதவு அங்கேயே சுவராகப் பதிந்துவிடும்.

இனி ரோபோவின் பக்கத்தில் 地图管理 (கொரியத்தில் 지도 관리) என்பதைத் திறந்தால் 快速建图 என்ற பட்டன் கிடைக்கும். இது கூட்டாமல், துடைக்காமல் சும்மா சுற்றி வரைபடம் மட்டும் எடுக்கும் முறை. அது இல்லாத மாடலில் 全屋清扫, அதாவது வீடு முழுக்கக் கூட்டும் முறையை ஒருதரம் ஓடவிடவேண்டும். எது என்றாலும் ரோபோ தானாக ஸ்டாண்டுக்குத் திரும்பிச் சார்ஜ் ஏறத் தொடங்கும்வரை தூக்கவோ நிறுத்தவோ கூடாது. பாதியில் தூக்கினால் வரைபடம் பெரும்பாலும் சேமிக்கப்படாது. பழைய மாடல் சிலவற்றில் 地图保存 என்ற சுவிட்ச் ஒன்று இருக்கும். அதைப் போட்டால்தான் அடுத்தமுறைக்கு வரைபடம் நிலைக்கும், தடைப்பகுதி மெனுவும் தென்படும்.

அறைகளைப் பிரிப்பது

வரைபடம் வந்ததும் ரோபோ தானாகவே அறைகளுக்கு வண்ணம் பூசியிருக்கும். கதவு நிலை இருக்கும் இடத்தில் பிரிப்பது அதன் வழக்கம். அதனால் கதவில்லாமல் வளைவு மட்டும் உள்ள சாப்பாட்டு இடமும் ஹாலும் ஒரே நிறமாக வரும். 编辑 அல்லது 房间编辑 திறந்து அந்த அறையைத் தொட்டு 分割 கொடுத்தால் ஒரு கோடு வரும். கோட்டின் இரு முனையையும் எதிரெதிர்ச் சுவர்களைத் தாண்டிக் கொஞ்சம் வெளியே இழுக்கவேண்டும். ஒருமுனை சுவரைத் தொடாமல் நின்றால் ‘பிரிக்க முடியவில்லை’ என்ற பெட்டி மட்டும் வரும். அடுத்து 保存.

பெயர் வைக்கும் இடத்தில் 客厅 ஹால், 卧室 படுக்கையறை, 厨房 சமையலறை, 卫生间 குளியலறை. கொரியத்தில் 거실 ஹால், 침실 அல்லது 안방 படுக்கையறை, 주방 சமையலறை, 욕실 குளியலறை. சொந்தமாக எழுத இடம் கொடுக்கும் ஆப் என்றால் தமிழிலேயே ‘ஹால்’, ‘அடுப்படி’ என்று அடித்துப் பாருங்கள். ஏற்றுக்கொண்டால் வீட்டில் அம்மாவும் ஆப்பைப் பயன்படுத்த முடியும். வேறெதையும் மாற்றாமல் ஆப்பை நம் மொழிக்குக் கொண்டுவர இருக்கும் ஒரே இடம் இந்தப் பெயர்கள்தான்.

தடைப்பகுதிகள்: ஒரு திருநகர் வீட்டில் வைத்துப் பார்ப்போம்

தடை மூன்று வகை. 禁区 என்பது செவ்வகக் கட்டம், அதற்குள் ரோபோ போகவே கூடாது. 虚拟墙 ஒரு கோடு, அதைத் தாண்டக் கூடாது. 禁拖区 என்பது ஈரத்துணி மாட்டியிருக்கும்போது மட்டும் பொருந்தும் கட்டம். பெரும்பாலான ஆப்களில் முதல் இரண்டும் சிவப்பில் வரும், மூன்றாவது வேறு நிறத்தில் இருக்கும்.

மதுரை திருநகர் பக்கம் உள்ள ஒரு சாதாரணத் தரைத்தள வீட்டை எடுத்துக்கொள்வோம். ஹால் 18-க்கு 12 அடி. ஹாலின் வடகிழக்கு மூலையில் தடுப்பில்லாத பூஜை இடம், 4-க்கு 3 அடி. தரையில் குத்துவிளக்கு, கோலம், எண்ணெய்க் கிண்ணம். சமையலறையில் மேடைக்குக் கீழே கேஸ் சிலிண்டர், பக்கத்தில் கிரைண்டர். முன் படுக்கையறையில் ஸ்டாண்டு ஃபேன், இரவில் விரிக்கும் பாய்.

பூஜை இடம் முதலில். 禁区 தேர்ந்து, கூட்டல் குறியைத் தொட்டால் வரைபடத்தின் நடுவில் ஒரு சதுரம் வரும். ஒரு மூலை அழிக்க, ஒரு மூலை அளவை மாற்ற, நடுவில் தொட்டு இழுத்தால் நகர்த்த. பல ஆப்களில் இழுக்க இழுக்க நீள அகலம் மீட்டரில் தெரியும். பூஜை இடத்தின் அளவு 1.2-க்கு 0.9 மீட்டர். மூலை என்பதால் இரண்டு பக்கம் சுவர், இரண்டு பக்கம் திறப்பு. திறந்த பக்கங்களில் முப்பது சென்டிமீட்டர் கூட்டி 1.5-க்கு 1.2 என்று வரையவேண்டும். அந்த முப்பது எதற்கு என்றால், ரோபோவின் பக்கவாட்டுத் தூரிகை உடம்புக்கு வெளியே நீண்டு சுற்றும், வரைபடத்திலும் சில சென்டிமீட்டர் பிசகு எப்போதும் உண்டு. சரியாக விளிம்பில் வரைந்தால் ரோபோ உள்ளே போகாது, கோலம் மட்டும் கலைந்துவிடும். சுவர்ப் பக்கங்களில் கட்டத்தைச் சுவர்க்கோட்டுக்கு வெளியே கொஞ்சம் தள்ளி வைத்தால் இடுக்கு விழாது.

அடுத்து சிலிண்டர். சமையலறை முழுவதையும் தடுக்கவேண்டாம். சிலிண்டரும் கேஸ் ரப்பர்க் குழாயும் உள்ள இடத்துக்கு ஒரு 禁区 போதும். சுழலும் தூரிகையில் குழாயோ கிரைண்டர் வயரோ சுற்றினால் ரோபோ இழுக்கும். முக்கியமான விஷயம்: ஆப்பில் வரையும் கட்டம் ஒரு வசதிதான், பாதுகாப்பு அல்ல. ரோபோ தன் இருப்பிடத்தைத் தவறாகக் கணித்தால் கட்டமும் அதோடு நகர்ந்துவிடும். கேஸ் குழாய் தரையில் கிடந்தால் அதை மேலே தூக்கிக் கட்டுவதே முதல் வேலை, கட்டம் வரைவது அதற்குப் பிறகு. மாடியில் ஓட்டுவோர் கீழே இறங்கும் படிக்கட்டுக்கும் இதே கணக்கு. ஒரு பலகையைக் குறுக்கே வைப்பதற்கு ஈடாக எந்தக் கோடும் நிற்காது.

ஸ்டாண்டு ஃபேன் சிரமமானது. அதன் வட்ட அடித்தட்டு சரிவாக, தாழ்வாக இருப்பதால் லேசருக்குத் தெரியாது. ரோபோ ஏறி நடுவில் மாட்டிக்கொண்டு சக்கரம் சுற்றிக்கொண்டிருக்கும். ஆனால் ஃபேன் ஒரே இடத்தில் இருப்பதில்லையே. அதற்காகக் கட்டம் வரைந்து மாளாது, கூட்டும் நேரம் கட்டிலில் தூக்கி வைத்துவிடுங்கள். பாய்க்கும் அதே.

கற்பனைச் சுவரை எங்கே பயன்படுத்துவது என்றால், ஒரு அறைக்குள் எப்போதுமே போகவேண்டாம் என்ற இடத்தில். இந்த வீட்டில் அது ஈரம் நிற்கும் கொல்லைப்பக்கக் குளியலறை. கதவு நிலையின் ஒரு பக்கச் சுவருக்குள்ளிருந்து மறுபக்கச் சுவருக்குள் வரை கோடு போகவேண்டும். முனையில் நாற்பது சென்டிமீட்டர் இடைவெளி விட்டால் 35 சென்டிமீட்டர் விட்டமுள்ள ரோபோ அதன் வழியே உள்ளே போய்விடும். இன்றைக்கு மட்டும் ஒரு அறை வேண்டாம் என்றால் சுவர் எதற்கு? அறை தேர்ந்து கூட்டும் முறையில் அந்த அறையைத் தொடாமல் விட்டால் போதும்.

வரைந்து முடித்ததும் 保存 அல்லது 저장. பின்செல்லும் அம்பைத் தொட்டு வெளியே வந்தால் அத்தனையும் போய்விடும். சில ஆப்களில் 是否保存 என்று கேட்கும் பெட்டி வரும். அதில் 不保存 என்ற மூன்றெழுத்துப் பட்டனில் முதல் எழுத்து ‘இல்லை’. அதை விட்டு 保存 என்ற இரண்டெழுத்துப் பட்டனைத் தொடுங்கள். சேமித்தபின் ஆப்பை முழுக்க மூடித் திறந்து, சிவப்புக் கட்டம் இருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள்.

சேமிக்க மறுத்தால் பெரும்பாலும் காரணம் இரண்டில் ஒன்று. கட்டம் சார்ஜ் ஸ்டாண்டின் மேல் விழுந்திருக்கும், இல்லையென்றால் ரோபோ நிற்கும் இடத்தின் மேல் விழுந்திருக்கும். கட்டத்தை நகர்த்தினால் சரியாகிவிடும். ஸ்டாண்டைச் சுற்றிலும் சுவர் வரைந்து வழியை அடைத்துவிடாமலும் பார்த்துக்கொள்ளவேண்டும்.

சோதனை எளிது. 划区清扫 என்பது வரைபடத்தில் ஒரு கட்டம் போட்டு அதை மட்டும் கூட்டச் சொல்லும் முறை (கொரியத்தில் 구역 청소). பூஜை மூலையும் அதன் முன்னால் இரண்டு அடியும் அடங்கும்படி ஒரு கட்டம் போட்டு ஓடவிட்டுப் பக்கத்தில் நின்று பாருங்கள். கோலத்தில் ஒரு மாவுப்புள்ளி கலைந்தாலும் தடைப்பகுதியை இன்னும் பத்து சென்டிமீட்டர் வெளியே இழுங்கள்.

கூட்டும் முறையும் தண்ணீரும்

உறிஞ்சும் வேகம் பெரும்பாலும் நான்கு படி. 安静 சத்தம் குறைவு, 标准 சாதாரணம், 强力 பலம், கடைசியில் `MAX` அல்லது அதற்கு இணையான சொல். கொரியத்தில் 표준 சாதாரணம், 강력 பலம், 최대 அல்லது 터보 உச்சம். டைல்ஸ், மொசைக், சிமெண்டுத் தரைக்குச் சாதாரணப் படியே தாராளம். உச்சத்தில் வைப்பதால் சத்தமும் பேட்டரிச் செலவும்தான் கூடும், தெருத்தூசி கூடுதலாக வந்துவிடாது. தேங்காய் நார்க் கால்மிதி இருக்கும் இடத்தில் மட்டும் பலம் வைத்துக்கொள்ளலாம். அதுவும் நார் உதிர்ந்து தூரிகையில் சுற்றும், எடுத்துவிடுவதே மேல்.

என்ன வேலை என்பதற்குத் தனி பட்டன்: 扫地 கூட்ட மட்டும், 拖地 துடைக்க மட்டும், 扫拖 இரண்டும் சேர்த்து, 先扫后拖 முதலில் கூட்டிவிட்டுப் பிறகு துடைப்பது. நம் ஊர்த் தூசிக்குக் கடைசியில் சொன்னதே சரி. இரண்டையும் ஒரே ஓட்டத்தில் செய்தால் ஈரத்துணி தூசியைக் குழைத்துக் கோடு கோடாக இழுத்துவிடும். தண்ணீர் அளவு 低, 中, 高 என்று வரும். முறையே குறைவு, நடு, அதிகம். ×1, ×2 என்பது எத்தனை தரம் என்பது.

தண்ணீர்த் தொட்டியில் போர்த் தண்ணீர் ஊற்றினால் உப்புப் படிந்து சின்னத் துளைகள் அடையும். ஆர்.ஓ. கருவியின் கழிவுத் தண்ணீர் அதைவிட உப்பு, வேண்டவே வேண்டாம். குடிக்கும் தண்ணீரை ஊற்றுங்கள். ஃபினாயில் கலப்பதும் தவறு, ரப்பரும் குழாயும் கெடும்.

மணி தவறிக் கூட்டினால்

定时 (கொரியத்தில் 예약) என்ற இடத்தில் நேரம் குறித்தால் சில மாடல் ஃபோனின் நேரத்தைப் பின்பற்றும், சில மாடல் தன் ஊர் நேரத்திலேயே நிற்கும். சீன நேரம் நமக்கு இரண்டரை மணி முந்தியது, கொரிய நேரம் மூன்றரை மணி. காலை 9 என்று வைத்தது 6.30-க்கு வீட்டை எழுப்பினால் ரோபோ சீன நேரத்தில் இருக்கிறது. பத்து நிமிடம் கழித்து ஓடும்படி ஒரு நேரம் வைத்துப் பார்த்தால் முன்கூட்டியே தெரிந்துவிடும். அந்த நேரத்தில் ஓடவில்லை என்றால், இனி வைக்கும் நேரத்தோடு எல்லாம் இரண்டரை அல்லது மூன்றரை மணியைக் கூட்டி வைக்கவேண்டும். 勿扰 என்ற தொந்தரவு செய்யாதே நேரத்துக்கும் இதே கணக்கு.

வரைபடம் திரும்பிக்கொண்டால், ரோபோ நின்றுவிட்டால்

கரண்ட் போனால் வைஃபையும் போகும், ஆப்பில் ரோபோ தெரியாது. ஆனால் வரைபடமும் தடைப்பகுதியும் ரோபோவுக்குள்ளேயே இருப்பதால் கூட்டுவது நிற்காது. சிக்கல் திரும்பும்போதுதான். ஸ்டாண்டின் முகத்திலிருந்து வரும் கண்ணுக்குத் தெரியாத ஒளியைப் பார்த்தே ரோபோ அதில் போய்ச் சரியாக உட்காருகிறது. கரண்ட் இல்லாத ஸ்டாண்டில் அந்த ஒளி இல்லை. அது அங்கேயே முன்னும் பின்னும் தேடிவிட்டு 无法返回 என்று தொடங்கும் செய்தியோடு நின்றுவிடும். இன்வெர்ட்டர் லைன் சொன்னது இதற்காகத்தான்.

定位失败 என்று வந்தால் ரோபோவுக்குத் தான் எங்கே நிற்கிறோம் என்று தெரியவில்லை. நடுவில் யாரோ தூக்கி வேறிடத்தில் வைத்திருப்பார்கள், அல்லது சோபாவை இடம் மாற்றியிருப்பீர்கள். ரோபோவைக் கையால் ஸ்டாண்டில் வைத்து, அங்கிருந்து தொடங்கச் சொல்லுங்கள். அப்படியும் வரைபடம் சாய்ந்தோ இரண்டு பிரதி ஒன்றின்மேல் ஒன்றாகவோ தெரிந்தால் அதன்மேல் கட்டங்களைத் திருத்திக்கொண்டிருப்பதில் பயனில்லை. 地图管理-இல் பழைய வரைபடத்தின் சேமித்த பிரதி இருந்தால் அதைத் தேர்ந்துகொள்ளலாம். இல்லையென்றால் அந்த வரைபடத்தை அழித்துப் புதிதாக எடுக்கவேண்டும். அதற்கு முன் தடைப்பகுதிகள் தெரியும்படி ஒரு ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைத்துக்கொண்டால் மறுபடி வரைய ஐந்து நிமிடம் ஆகாது.

செய்தியில் 禁区 வந்து ரோபோ நகரவே மாட்டேன் என்றால் அது தடைக்கட்டத்துக்குள்ளேயே நிற்கிறது. பிள்ளைகள் தூக்கி வைத்திருப்பார்கள். ஒரு மீட்டர் தள்ளி வைத்துத் தொடங்குங்கள்.

கறுப்பு கிரானைட் பட்டை போட்ட தரையில் சில ரோபோக்கள் ஓரத்திலேயே நின்று திரும்பிவிடும். செய்தியில் 悬崖 என்ற எழுத்து இருக்கும். அடியில் உள்ள பள்ளம் பார்க்கும் கண்களுக்கு ஒளி திரும்பி வராததால் கறுப்பு நிறம் பள்ளமாகத் தெரிகிறது. முதலில் அந்தக் கண்ணாடிகளைக் காய்ந்த துணியால் துடைத்துப் பாருங்கள், தூசி படிந்தாலும் இதே நடக்கும். துடைத்தும் நின்றால் அந்தத் தரையில் அந்த மாடல் ஓடாது. கண்களின் மேல் வெள்ளைத் தாள் ஒட்டி ஏமாற்றும் வழியை இணையத்தில் சொல்வார்கள். கீழே இறங்கும் படியோ உயர்ந்த திண்ணையோ உள்ள வீட்டில் அதைச் செய்தால் ரோபோ படியில் உருண்டுவிடும்.